பூஸ்டரைக் கம்பத்தின் உச்சியில் கட்டியது ஏன்?

வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் 1980களில் டிவி வைத்திருந்த வீட்டைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஓட்டுக் கூரைக்கு மேலே தென்னையோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு இரும்புக் குழாய் நிற்கும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள், உச்சியில் மீன் முள்போல ஒரு ஆன்டெனா. அதன் முகம் இலங்கையைப் பார்த்திருக்கும். 1982-ல் தொடங்கிய ரூபவாஹினி, கடலைத் தாண்டி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. வந்தது என்றால் முழுதாக வரவில்லை. அரிசி மாவைத் தூவியதுபோல் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடும். அவற்றுக்கு நடுவே ஒருவர் செய்தி வாசிப்பார்.

மாமா வீட்டுக் கம்பத்தில் பூஸ்டர் கட்ட மெக்கானிக் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ஏணியில் கால் வைத்தார்.

“தம்பி, அதைக் கீழேயே டிவி பக்கத்துல வச்சிடேன். மழை, இடின்னு வந்தா மேல ஏறி யாரு பார்க்கிறது?” என்றார் மாமா.

“கீழ வச்சா படத்தோட சேத்து புள்ளியையும்தாண்ணே பெருசாக்கும். மேலதான் வைக்கணும்” என்று சொல்லிவிட்டு அவர் ஏறிவிட்டார்.

அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பல வீடுகளில் கட்டிப் பார்த்த அனுபவம் அது. ஆனால் அவர் சொன்ன ஒற்றை வரிக்குப் பின்னால் சுத்தமான ஒரு கணக்கு இருக்கிறது. கைபேசிக் கோபுரம், மொட்டைமாடி டிஷ், ஊட்டி மலைச்சரிவில் நிற்கும் வானொலித் தொலைநோக்கி என்று எல்லா ஏற்பிகளையும் கட்டுகிறவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

திரையில் ஓடும் புள்ளிகளுக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் இரைச்சல். வானொலியில் அது காதுக்குக் கேட்கும் ‘உஸ்’ஸென்ற சத்தம், டிவியில் அதே சங்கதி கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது.

இதில் பெரும்பங்கு வெப்பத்தால் வருவது. சூடுள்ள எந்தக் கடத்தியிலும் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருக்கும். அந்த அலைச்சல் ஒரு மிகச் சிறிய மின்னழுத்தமாக வெளியே தெரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார். அங்கேயே பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட் அதற்கான விளக்கத்தைத் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928-ல் வெளிவந்தன. அவர்கள் கண்டது இதுதான்: இந்த இரைச்சலின் அளவு, பொருளின் வெப்பநிலையையும் நாம் கேட்கும் அலைவரிசையின் அகலத்தையும் மட்டுமே பொறுத்தது. செம்பா, கரியா, விலை உயர்ந்ததா, மலிவானதா என்பதெல்லாம் கணக்கில் வராது.

பழைய டிவி சேனல் ஒன்றின் அகலம் 7 மெகாஹெர்ட்ஸ். கணக்குக்கு வெப்பநிலையை 290 கெல்வின், அதாவது 17 டிகிரி செல்சியஸ் என்று வைப்பது மரபு. அப்படி வைத்தால் இந்த இரைச்சல் ஒரு வாட்டில் சுமார் 36 லட்சம் கோடியில் ஒரு பங்கு. நினைத்துப் பார்க்கவே முடியாத சிறுமை. ஆனால் கடல் கடந்து வரும் சிக்னலும் இதேபோன்ற சிறுமையில்தான் ஆன்டெனாவை வந்தடைகிறது. படம் தெளிவாக இருக்குமா என்பதை சிக்னலின் பலம் மட்டும் முடிவுசெய்வதில்லை. அது இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் கேள்வி.

அக்கினி நட்சத்திரத்தில் மொட்டைமாடி கொதிக்கிறதே, இரைச்சல் எகிறிவிடாதா என்று கேட்கலாம். கெல்வின் கணக்கில் 17 டிகிரி என்பது 290, 45 டிகிரி என்பது 318. பத்தில் ஒரு பங்குதான் கூடுதல். கோடை வெயில் படத்தைக் கெடுப்பதில்லை.

பாலில் கலந்த தண்ணீர்

பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபயர், உள்ளே வருவதையெல்லாம் ஒரே மடங்கில் பெரிதாக்கும். சிக்னல் எது, இரைச்சல் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் நூறு மடங்காக்கினால் இரண்டுக்கும் உள்ள விகிதம் பழையபடியே இருக்கும். போதாக்குறைக்கு, பெருக்கியின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். ஆகவே எந்தப் பெருக்கியைத் தாண்டினாலும் விகிதம் கொஞ்சமாவது கெடும். எவ்வளவு கெடுகிறது என்பதைச் சொல்வதுதான் இரைச்சல் எண். ‘நாய்ஸ் ஃபிகர்’ என்று கடைக்காரர்களும் பொறியாளர்களும் சொல்வது இதைத்தான்.

உள்ளே போகும்போது சிக்னல் இரைச்சலைப்போல் 1,000 மடங்கு, வெளியே வரும்போது 500 மடங்கு என்றால், விகிதம் பாதியாகிவிட்டது. அந்தப் பெருக்கியின் இரைச்சல் எண் 2. எதையும் கெடுக்காத கற்பனைப் பெருக்கிக்கு அது 1. இதை டெசிபெல்லில் எழுதுவதே வழக்கம். 2 மடங்கு என்பது 3 டெசிபெல், 4 மடங்கு 6, 5 மடங்கு 7, 100 மடங்கு 20. இந்த நான்கு எண்கள் கையில் இருந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

இப்போது ஒரு படி பாலை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் ஒரு ஆழாக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பாலின் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டது. பிறகு ஏதோ மந்திரத்தால் அந்தக் கலவையை நூறு மடங்காக்குகிறோம். நூறு படிப் பால், நூறு ஆழாக்குத் தண்ணீர். விகிதம் மாறவில்லை. இப்போது இரண்டாமவர் வந்து அதே ஒரு ஆழாக்கை ஊற்றுகிறார். யாருக்கும் ருசியில் வித்தியாசம் தெரியாது. இருவர் ஊற்றியதும் ஒரே அளவுதான். முதலாமவர் பால் குறைவாக இருந்தபோது ஊற்றினார்; அவர் ஊற்றியதும் சேர்ந்து பெருகிவிட்டது. இரண்டாமவர் பெருகிய பிறகு வந்தார்.

பெருக்கிகளை வரிசையாகக் கோத்தால் நடப்பதும் இதுவே.

ஃப்ரீஸ் எழுதிய ஒரு வரி

இதைச் சூத்திரமாக எழுதியவர் ஹரால்ட் ஃப்ரீஸ். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். வானொலி ஏற்பிகளின் இரைச்சல் எண் பற்றி 1944-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கணக்கு இருக்கிறது:

```
F = F1 + (F2 − 1)/G1 + (F3 − 1)/(G1 × G2) + …
```

F1, F2, F3 என்பவை வரிசையில் உள்ள முதல், இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் இரைச்சல் எண்கள். G1, G2 என்பவை அந்தந்தக் கட்டம் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பவை. எல்லாவற்றையும் டெசிபெல்லில் போடாமல் மடங்குகளாகப் போட வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். டெசிபெல் எண்களை அப்படியே கூட்டி வகுத்துவிட்டு, விடை ஏன் விநோதமாக வருகிறது என்று விழிப்பார்கள்.

சூத்திரத்தைச் சொல்லாகப் படித்தால் எளிது. இரைச்சல் எண்ணில் உள்ள 1, ஆன்டெனாவோடு ஏற்கெனவே வந்த இரைச்சலைக் குறிக்கிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது அந்தக் கட்டம் தானாகச் சேர்த்தது. ஆன்டெனாவோடு வந்ததை முதல் கட்டத்திலேயே எண்ணிவிட்டோம். ஆகவே இரண்டாவது கட்டத்திலிருந்து 1-ஐக் கழித்துவிடுகிறோம். அடுத்து, இரண்டாம் கட்டம் சேர்ப்பது ஏற்கெனவே பெருகிவிட்ட சிக்னலின் மேல் விழுகிறது. அதை ஆன்டெனா வாசலின் கணக்குக்குத் திருப்ப G1-ஆல் வகுக்கிறோம். மூன்றாம் கட்டத்தை G1, G2 இரண்டாலும் வகுக்கிறோம். எந்த எண்ணாலும் வகுக்கப்படாமல் தன் பிழையை முழுதாகச் சுமந்து நிற்பது முதல் கட்டம் ஒன்றுதான்.

இன்னொரு பாத்திரத்தையும் அறிமுகப்படுத்த வேண்டும்: கேபிள். கேபிள் எதையும் பெருக்குவதில்லை, சிக்னலைத் தின்னத்தான் செய்கிறது. நான்கில் ஒரு பங்கைத்தான் மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கிறது என்றால் அதன் பெருக்கம் 1/4. இரைச்சலும் கூடவே நான்கில் ஒரு பங்காகக் குறையும், விகிதம் கெடாது என்று தோன்றும். குறையும், உண்மை. ஆனால் கேபிளும் சூடுள்ள பொருள். ஆன்டெனாவிலிருந்து வந்த இரைச்சலில் தான் விழுங்கிய முக்கால் பங்கின் இடத்தில் தன் சொந்த வெப்ப இரைச்சலை வைத்துவிடும். மறுமுனையில் சிக்னல் கால்வாசி, இரைச்சலோ பழைய அளவு. ஆகவே கேபிளின் இரைச்சல் எண் அதன் இழப்புக்குச் சமம். 6 டெசிபெல் இழக்கும் கேபிளின் இரைச்சல் எண்ணும் 6 டெசிபெல், அதாவது 4.

மாமா வீட்டுக் கம்பத்துக்கு ஒரு கணக்கு

இப்போது மாமா வீட்டுக்குப் போவோம். எண்களைக் கணக்குக்கு எளிதாக வைத்துக்கொள்கிறேன். கம்பத்தின் உச்சியிலிருந்து கூடத்துக்கு 30 மீட்டர் மெல்லிய கேபிள், வழியில் பக்கத்து வீட்டுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர். இரண்டும் சேர்ந்து 6 டெசிபெல் இழப்பு. பூஸ்டரின் பெருக்கம் 20 டெசிபெல், அதாவது 100 மடங்கு; அதன் இரைச்சல் எண் 3 டெசிபெல், அதாவது 2. டிவியின் இரைச்சல் எண் 7 டெசிபெல், அதாவது 5.

முதலில் பூஸ்டரே இல்லாத நிலை. ஆன்டெனாவுக்கு அடுத்து கேபிள், கேபிளுக்கு அடுத்து டிவி.

```
F = 4 + (5 − 1)/(1/4) = 4 + 16 = 20
```

கால் பங்கால் வகுப்பது நான்கால் பெருக்குவதற்குச் சமம். முன்னால் நிற்கும் கேபிள், டிவியின் குற்றத்தை நான்கு மடங்காக்கிவிட்டது. விகிதம் 20-ல் ஒரு பங்காகிறது. 13 டெசிபெல் கெடுதல்.

அடுத்து மாமாவின் யோசனைப்படி பூஸ்டர் கீழே. ஆன்டெனா, கேபிள், பூஸ்டர், டிவி.

```
F = 4 + (2 − 1)/(1/4) + (5 − 1)/25 = 4 + 4 + 0.16 = 8.16
```

இங்கே 25 என்பது கேபிளின் 1/4-ஐயும் பூஸ்டரின் 100-ஐயும் பெருக்கி வருவது. பூஸ்டர் டிவியின் குறையை மறைத்துவிட்டது. 16 ஆக இருந்தது 0.16 ஆகிவிட்டது. ஆனால் கேபிள் செய்த கெடுதலை அதனால் தொடவே முடியவில்லை. பூஸ்டர் தானாகச் சேர்ப்பதும் நான்கு மடங்காகத் தெரிகிறது. மொத்தம் 9.1 டெசிபெல்.

மூன்றாவதாக, மெக்கானிக் சொன்னபடி பூஸ்டர் மேலே. ஆன்டெனா, பூஸ்டர், கேபிள், டிவி.

```
F = 2 + (4 − 1)/100 + (5 − 1)/25 = 2 + 0.03 + 0.16 = 2.19
```

3.4 டெசிபெல். அதே பூஸ்டர், அதே கேபிள், அதே டிவி. புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இடம் மட்டும் மாறியது. 8.16 ஆக இருந்தது 2.19 ஆனது.

இதன் மதிப்பை இன்னொரு வழியில் பார்க்கலாம். பூஸ்டரைக் கீழேயே விட்டுவிட்டு அதே தெளிவை வேறு வழியில் பெற வேண்டுமென்றால், ஆன்டெனா சுமார் 3.7 மடங்கு அதிகமாகச் சிக்னலைப் பிடிக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே மாதிரி நான்கு ஆன்டெனாக்களைச் சேர்த்துக் கட்டினால்தான் அது கைகூடும். அத்தனை சுமையை அந்த ஒற்றைக் குழாய் தாங்காது. மெக்கானிக் ஏணியில் ஏறிய அந்தப் பத்து நிமிடம், மூன்று ஆன்டெனாக்களின் செலவை மிச்சப்படுத்தியது.

கம்பத்தின் மேலே இருக்கும் பூஸ்டருக்கு மின்சாரம் எப்படிப் போகும் என்ற கேள்விக்கும் அந்தக் காலத்திலேயே விடை இருந்தது. கூடத்தில் ஒரு சிறு அடாப்டர் இருக்கும். சிக்னல் கீழே இறங்கும் அதே கேபிளில் மின்சாரம் மேலே ஏறும்.

எவ்வளவு பெருக்கினால் போதும்?

முதல் பெருக்கி இரைச்சல் குறைந்ததாக இருந்தால் மட்டும் போதாது. பின்னால் வருகிறவர்களின் குறையை மறைக்கும் அளவுக்கு அது பெருக்கவும் வேண்டும். மேலே கட்டிய பூஸ்டர் 100 மடங்குக்குப் பதிலாக 4 மடங்கு மட்டுமே பெருக்கியிருந்தால், கேபிளின் பங்கு முக்கால், டிவியின் பங்கு 4 என்று ஏறி, மொத்தம் 6.75 ஆகியிருக்கும். அருமையான டிரான்சிஸ்டர் இருந்தும் பலனில் பெரும்பகுதி கேபிளிலேயே கரைந்துபோகும்.

மறுபக்கம், 100 மடங்குக்கு மேல் இன்னும் பெருக்கினால் என்ன கிடைக்கும்? சிலர் மேலே ஒன்று போதாதென்று கீழேயும் ஒரு பூஸ்டரைச் செருகுவார்கள். அதே கணக்கில் போட்டுப் பார்த்தால் 2.19 என்பது ஏறத்தாழ 2.07 ஆகும். கால் டெசிபெல் லாபம். கண்ணுக்குத் தெரியாது. முதல் கட்டம் 2 என்று நின்றுவிட்ட பிறகு, பின்னால் எத்தனை பூஸ்டர் வைத்தாலும் அந்த 2-க்குக் கீழே இறங்க வழியில்லை.

அளவுக்கு மீறிய பெருக்கத்தால் கெடுதலும் உண்டு. பக்கத்தில் பலமான உள்ளூர் நிலையம் ஒன்று இருந்தால், பூஸ்டர் அதையும் நூறு மடங்காக்கித் தானே திணறிப்போகும். அப்போது ஒரு நிலையத்தின் சாயல் மற்றொன்றின் மேல் படியும், சாய்ந்த கோடுகள் ஓடும். இந்த இரண்டு நோய்களையும் திரையைப் பார்த்தே பிரித்துவிடலாம். சீராகத் தூவிய புள்ளி என்றால் இரைச்சல்; மருந்து, முதல் கட்டத்தைத் திருத்துவது. கோடும் நிழலும் என்றால் திணறல். மருந்து, பெருக்கத்தைக் குறைப்பது. நோய் மாறி மருந்து கொடுத்தால் இரண்டுமே முற்றும்.

இன்றைய மொட்டைமாடியில்

ரூபவாஹினிக் கம்பங்கள் போய்விட்டன. அவை நின்ற இடத்தில் இப்போது டிஷ் இருக்கிறது. அதன் முன்னே நீட்டிய கையில், முகத்தில் பிளாஸ்டிக் மூடியோடு ஒரு சிறு டப்பா தெரியும். அதுதான் எல்.என்.பி. மெக்கானிக் கம்பத்தின் உச்சியில் கட்டிய பூஸ்டரின் வாரிசு. இது செயற்கைக்கோள் அலையை, கேபிளில் பயணம் செய்யத் தோதான குறைந்த அதிர்வெண்ணுக்கும் மாற்றித் தருகிறது. ஆனால் உள்ளே வந்ததும் அலை சந்திக்கும் முதல் உறுப்பு, இரைச்சல் குறைந்த ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கி. மொத்தப் பெருக்கம் 55 டெசிபெல் அளவில், அதாவது சுமார் 3 லட்சம் மடங்கு. இத்தனை பெருக்கிய பிறகு கேபிள் கொஞ்சம் நீளமானாலும், வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் சுமாரானது என்றாலும், இரைச்சல் கணக்கில் அவை தலைகாட்டுவதே இல்லை.

டிஷ்ஷின் கணக்கு டிவி ஆன்டெனாவின் கணக்கைவிடக் கறாரானது. மாமாவின் ஆன்டெனா கிடைமட்டமாக, சூடான பூமியையும் கடலையும் பார்த்தபடி நின்றது. டிஷ் பார்ப்பது குளிர்ந்த வானத்தை. தெளிந்த நாளில் அது பிடித்துவரும் இரைச்சல் 40 கெல்வின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 0.7 டெசிபெல் இரைச்சல் எண் உள்ள எல்.என்.பி. தன் பங்குக்குச் சேர்ப்பது 51 கெல்வின். மொத்தம் 91.

இப்போது எல்.என்.பி.யின் முகத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே ஈரம் படிந்துவிட்டது என்று வைப்போம். இழப்பு அரை டெசிபெல்தான். சிக்னலில் ஒன்பதில் ஒரு பங்கு போகிறது, போனால் போகட்டும் என்று தோன்றும். ஆனால் அந்த ஈரத்தின் வெப்பநிலை 290 கெல்வின். குளிர்ந்த வானத்தை மறைத்துக்கொண்டு தன் சூட்டை உள்ளே அனுப்புகிறது. கணக்குப் போட்டால் மொத்த இரைச்சல் 91-லிருந்து 118 ஆக ஏறுகிறது. சிக்னல் குறைந்தது, இரைச்சல் கூடியது. இரண்டும் சேர்ந்து விகிதம் 1.6 டெசிபெல் கெடுகிறது. அரை டெசிபெல் தண்ணீர் மூன்று மடங்குக்கு மேல் அபராதம் வாங்கிவிட்டது. முதல் பெருக்கிக்கு முன்னால் நேரும் எந்த இழப்புக்கும் இந்த அபராதம் உண்டு. அதே அரை டெசிபெல் இழப்பு எல்.என்.பி.க்குப் பின்னால் கேபிளில் நேர்ந்தால் ஒன்றும் ஆகாது.

உங்கள் வீட்டில் இதைப் பார்க்கலாம். செட்டாப் பாக்ஸின் மெனுவில் பொதுவாக இரண்டு பட்டைகள் இருக்கும்: Signal Strength, Signal Quality. முதலாவது, பெட்டிக்குள் மொத்தம் எவ்வளவு வருகிறது என்பது. அதில் இரைச்சலும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது, அதில் உருப்படியானது எவ்வளவு என்பது. கேபிளின் நடுவே ஒரு லைன் ஆம்ப்ளிஃபயரைச் செருகினால் முதல் பட்டை துள்ளி ஏறும், இரண்டாவது அசையாமல் நிற்கும். கேபிள் மிக நீளமாகி, பெட்டிக்கு வந்துசேரும் சிக்னலே போதாத இடங்களில்தான் அந்தக் கருவியால் பயன். Strength நிறைந்தும் Quality தாழ்ந்தும் இருந்தால், கோளாறு பெரும்பாலும் மாடியில்தான். டிஷ் திரும்பியிருக்கும், இல்லையேல் எல்.என்.பி.யின் முகத்தில் ஈரமோ விரிசலோ இருக்கும்.

ஊட்டியில் 1,056 பெருக்கிகள்

இந்தப் பாடத்தின் பெரிய உருவம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் உருவாகி 1970-ல் பணியைத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அங்கே மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம், ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

அந்த நீண்ட உருளைக் கண்ணாடி குவிக்கும் கோட்டின் மேல் 1,056 டைபோல்கள், அதாவது சிறு ஆன்டெனாக்கள், வரிசையாக நிற்கின்றன. அவற்றின் சிக்னல்களை ஒன்றுசேர்த்தால்தான் தொலைநோக்கி முழுதாக வேலை செய்யும். ஆரம்பத்தில் பல டைபோல்களின் சிக்னல்களைக் கேபிள்கள், கட்டம் மாற்றும் கருவிகள் வழியாக ஒன்றுசேர்த்த பிறகுதான் அவை பெருக்கியை அடைந்தன. கேபிளும் கருவியும் தின்றது போக மிஞ்சியதுதான் பெருக்கிக்குக் கிடைத்தது. மாமா வீட்டில் பூஸ்டரைக் கீழே வைப்பதும் இதுவும் ஒரே கதை.

1990களின் தொடக்கத்தில் பொறியாளர்கள் இதை மாற்றினார்கள். ஒவ்வொரு டைபோலின் முதுகிலும் இரைச்சல் குறைந்த ஒரு பெருக்கி, ஆக 1,056 டைபோலுக்கு 1,056 பெருக்கிகள். சிக்னல் பிறந்த இடத்திலேயே பெருகி, பிறகுதான் கேபிளுக்குள் இறங்குகிறது. கண்ணாடியின் பரப்பில் ஒரு சதுர அடிகூடக் கூடவில்லை. ஆனாலும் முன்பு இரைச்சலில் மூழ்கிக் கிடந்த மங்கலான விண்பொருள்கள் இப்போது எட்டுகின்றன.

கணக்கு பலிக்காத இடம்

முதல் பெருக்கியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஃப்ரீஸின் சூத்திரம் ஏற்பி சேர்க்கும் இரைச்சலைத்தான் சொல்கிறது. வெளியிலிருந்தே இரைச்சல் வெள்ளமாக வந்தால் அது ஒன்றும் செய்யாது. மீடியம் வேவிலும் சிற்றலையிலும் நிலைமை அதுதான். எங்கோ வெட்டும் மின்னல், தெருவில் ஓடும் மோட்டார், வீட்டு எல்.இ.டி. விளக்கின் மலிவான சுற்று எல்லாம் சேர்ந்து ஏற்பியின் சொந்த இரைச்சலைப்போல் பல மடங்கு சத்தம் போடும். அங்கே எவ்வளவு உயர்ந்த முதல் பெருக்கியை வைத்தாலும் அந்தச் சத்தம்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சிற்றலை வானொலியை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, வெளி ஆன்டெனாவின் கம்பியைக் கழற்றுங்கள். ‘உஸ்’ சத்தம் சட்டென்று தணிந்தால், இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது; ஏற்பியின் மேல் குற்றமில்லை. கழற்றியும் சத்தம் அப்படியே இருந்தால், அது உள்ளே, பெரும்பாலும் முதல் கட்டத்தில் பிறக்கிறது. அப்போதுதான் அதை மாற்றுவதில் பயன் உண்டு.

அடுத்த முறை மழைக்காலத்தில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்து, கடைக்காரர் “ஒரு பூஸ்டர் போட்டுடலாம் சார்” என்று சொன்னால், காசை எடுப்பதற்கு முன் மாடிக்கு ஒரு நடை போய்வாருங்கள். டிஷ் நேராக நிற்கிறதா, எல்.என்.பி.யின் மூடி வெடித்திருக்கிறதா, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பெருக்கிக்கு முன்னால் தொலைந்ததை, அதற்குப் பின்னால் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.